அபராத மெசேஜ் வந்திருக்கிறதா? லிங்கைத் தொடாமல் சலானைச் சரிபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறேன். போனை நீட்டி, "இந்த அபராத மெசேஜ் நிஜமா?" என்று கேட்பவர்கள் இப்போது மிகவும் அதிகமாகிவிட்டார்கள். டாக்ஸி ஓட்டுபவர்கள், எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள், ஸ்கூட்டர் வைத்திருக்கும் டீச்சர்கள் எனப் பலரும் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அபராதம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. இதைப் பார்த்து உண்மையா பொய்யான்னு சொல்ல முடியுமா?"

மெசேஜை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முயலவும் வேண்டாம். மோசடி செய்பவர்கள் நிஜமான மெசேஜின் வாசகத்தை அப்படியே எடுத்து, லிங்கை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று முன்பு சொல்வார்கள். இப்போது பிழையே இல்லாமல் வருகிறது.

அதனால் மெசேஜை ஆராய்வதை விட்டுவிட்டு, அரசுப் பதிவில் உங்கள் வண்டிக்குச் சலான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே பணத்தையும் கட்டிவிடலாம். மெசேஜ் நிஜமாகவே இருந்தாலும் அதில் உள்ள லிங்க் உங்களுக்குத் தேவைப்படாது.

"எந்த வெப்சைட்ல பார்க்கணும்?"

`echallan.parivahan.gov.in` என்ற தளத்தில். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்காகத் தேசியத் தகவலியல் மையம் நடத்தும் தளம் இது. போலீஸ் போட்ட சலானும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போட்ட சலானும் இதில் ஏறும்.

முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். கூகுளில் "இ-சலான்" என்று தேடினால் மேலே விளம்பரங்களும் தனியார் தளங்களும் கலந்து வரும். அவசரத்தில் எதைத் தொடுகிறோம் என்று தெரியாது. ஒருமுறை சரியாக டைப் செய்து திறந்ததும் புக்மார்க் போட்டுக்கொண்டால் அடுத்த முறை அந்த வேலையும் மிச்சம்.

திறந்த பக்கம் சரியானதுதானா என்று பார்க்க, முகவரியில் `https://` என்பதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோடு வரை படியுங்கள். அந்தப் பகுதி `parivahan.gov.in` என்றே முடிய வேண்டும். `echallan.parivahan.gov.in.example.com` என்று இருந்தால், முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அது `example.com` வைத்திருப்பவருடைய தளம். போனில் முகவரி முழுதாகத் தெரியாமல் போகலாம். அந்தக் கட்டத்தைத் தொட்டு கடைசி வரை தள்ளிப் பாருங்கள்.

"உள்ளே போனதும் எதை அழுத்தணும்?"

மெனுவில் `Check Online Services` என்பதைத் தொட்டால் `Check Challan Status` வரும். அதில் மூன்று வழிகள் உண்டு: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். மெசேஜில் வந்த சலான் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் போடுகிறார்கள். நான் வண்டி எண்ணிலிருந்து தொடங்கச் சொல்வேன். மெசேஜில் இருக்கும் சலான் எண் மோசடிக்காரர் சும்மா எழுதியதாக இருக்கலாம். வண்டி எண்ணைப் போட்டால் உங்கள் வண்டியின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறதோ அது மொத்தமும் தெரியும்.

வண்டி எண்ணை இடைவெளி விடாமல் போடுங்கள். கூடவே சேஸிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். அப்புறம் படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்துப் போட்டு `Get Detail` அழுத்த வேண்டும். சலான் இருந்தால் தேதி, தொகை, எந்த மாநிலம், எந்தத் துறை, கட்டியாயிற்றா இல்லையா என்று வரிசையாகக் காட்டும். சலானைத் திறந்து பார்த்தால் இடமும் குற்றமும் இருக்கும். கேமரா பிடித்ததாக இருந்தால் பெரும்பாலும் படமும் இருக்கும்.

"ஆர்.சி. புக் மைசூர்ல இருக்கிற பையன்கிட்ட இருக்கு. சேஸிஸ் நம்பருக்கு எங்கே போக?"

வண்டியின் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள், சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். டிஜிலாக்கரில் ஆர்.சி.யைச் சேர்த்திருந்தால் அதிலும் உண்டு. வேறு யாராவது ஆர்.சி.யின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள். வண்டி எண் ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். சேஸிஸ் எண் அப்படி இல்லை.

"அந்த சைட்டும் ஓ.டி.பி. கேட்குதே. யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சரியான சந்தேகம். நீங்களே டைப் செய்து திறந்த தளம், நீங்கள் கேட்டதால் உங்கள் போனுக்கு ஓர் எண்ணை அனுப்புகிறது. அதை அந்தப் பக்கத்தில் மட்டும் போடுகிறீர்கள். இதில் தவறில்லை. யாரோ ஒருவர் போனில் கூப்பிட்டுக் கேட்டாலோ, வந்த லிங்கில் திறந்த பக்கம் கேட்டாலோ கொடுக்கக் கூடாது.

எதற்கான ஓ.டி.பி. என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துப் போடாமல் வரியைப் படியுங்கள். சலான் பார்க்கும்போது வந்த மெசேஜில் வங்கியின் பெயரும் ஒரு தொகையும் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பார்ப்பதற்குப் பணம் கிடையாது.

"என் வண்டி நம்பர், என் பேரு எல்லாம் சரியா இருக்கே. போலி ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

நாம் வண்டி எண்ணையும் போன் எண்ணையும் எத்தனை இடத்தில் எழுதிக் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். பார்க்கிங் ரசீது, சர்வீஸ் சென்டர், இன்சூரன்ஸ் விலை கேட்ட வெப்சைட், பழைய வண்டி விற்கப் போட்ட விளம்பரம். இந்த இரண்டும் சேர்ந்து வெளியே போக ஓர் இடம் போதும். விவரம் சரியாக இருப்பதால் சலான் உண்மையாகிவிடாது.

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. ஹெல்மெட் போடாமல் ஓட்டியதாக 1,000 ரூபாய் அபராதம், இன்றிரவுக்குள் கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து, ஆதாரம் கீழே என்று எழுதி, `RTO Challan.apk` என்ற பெயரில், திறந்தால் போனில் ஆப்பாக இன்ஸ்டால் ஆகும் ஒரு ஃபைல். வண்டி எண் சரி. தொகையும் சரியாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாய்தான். போதாததற்கு, அந்த வாரம் அரவேணு வரை அவர் ஹெல்மெட் இல்லாமல் போய்வந்ததும் உண்மை. அதனால் முழுதாக நம்பிவிட்டார்.

ஃபைலைத் திறக்காமல் கடைக்கு வந்தது நல்லதாயிற்று. தளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்தையும் போட்டோம். ஒரே ஒரு சலான் இருந்தது, போன வருடம் மேட்டுப்பாளையத்தில் போட்டது, ஏற்கெனவே கட்டி முடித்தது. அடுத்து மெசேஜில் இருந்த சலான் எண்ணைப் போட்டோம். அப்படி ஒன்று இல்லை என்று வந்தது. உரிம எண்ணிலும் ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து மறுபடி பார்த்தோம், புதிதாக எதுவும் ஏறவில்லை.

இதில் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அவருக்கு மெசேஜ் பொருந்தியது தற்செயல். ஹெல்மெட் இல்லாமல் ஒருமுறையாவது போயிருக்கும் ஆயிரம் பேருக்கு அதே மெசேஜ் பொருந்தும். தப்பு செய்தோமே என்ற எண்ணம்தான் விரலை ஃபைலின் மேல் கொண்டுபோகிறது.

"நிஜ மெசேஜ் எந்த நம்பர்ல இருந்து வரும்?"

சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸாக, பத்து இலக்க எண்ணுக்குப் பதில் `VAAHAN` போன்ற எழுத்துத் தலைப்பில் வரும். 2025 முதல் இத்தகைய தலைப்புகளின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்கிறது. அரசு மெசேஜுக்கு `-G`. தனி ஆளின் பத்து இலக்க எண்ணிலிருந்து, அதுவும் ஃபைல் இணைத்து, அபராத மெசேஜ் வந்தால் அதை மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சின்னத்தைப் படமாக வைப்பது யாராலும் முடியும்.

தலைப்பு சரியாக இருக்கிறது என்பதற்காக லிங்கைத் தொடலாம் என்று அர்த்தம் இல்லை. அப்போதும் தளத்தை நீங்களே திறந்துதான் பார்க்க வேண்டும்.

"தளத்துல ஒண்ணும் இல்லைன்னு வருது. அப்போ நிம்மதியா இருக்கலாமா?"

முதலில் போட்டதைச் சரிபாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் O, 1-க்குப் பதில் I என்று போட்டிருந்தால் வேறு பதில் வரும். உரிம எண்ணிலும் ஒருமுறை தேடுங்கள், சில சலான்கள் வண்டியோடு சேராமல் ஓட்டுநரோடு சேர்ந்திருக்கும்.

குற்றம் நடந்த அன்றே தளத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. கேமரா படத்தை ஒருவர் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சலான் ஆகும். எனவே நாலைந்து நாள் விட்டு மறுபடியும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். கேமரா வழியாகப் பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167A-யில், 2021-இல் வந்த திருத்தத்தின்படி இருக்கிறது. அந்த இடைவெளியில் "இன்றிரவுக்குள்" என்று வரும் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஒரு மெசேஜோடு இரவோடு இரவாக யாருடைய லைசென்ஸும் ரத்தாவதில்லை.

"ஊட்டி இ-பாஸ் சைட் gov.in-னு முடியலையே, ஆனா அதுவும் அரசாங்கம்தானே? அப்போ இந்த லிங்க்கும் அப்படி இருக்கலாமே?"

கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது கொடுத்த முகவரி `epass.tnega.org`. நடத்தியது தமிழ்நாடு அரசின் மின் ஆளுமை முகமை. ஆக, `gov.in` என்று முடியாத அரசுத் தளமும் உண்டு.

ஆனால் சலானுக்கு நாம் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. மேலே சொன்ன ஒரு முகவரி நமக்குத் தெரியும். வேறு எந்த முகவரி வந்தாலும் அது அரசுடையதா என்று ஆராயாமல், தெரிந்த முகவரிக்குப் போய்ப் பாருங்கள். இன்னொன்று: இ-பாஸ் எடுக்காததற்கு அபராதம் என்று லிங்க்கோடு மெசேஜ் வந்தாலும் இதே வழிதான். TN 43 வண்டிக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸே தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

"நான் கூடலூர்ல டாக்ஸி ஓட்டறேன். மைசூர், சுல்தான் பத்தேரி எல்லாம் போறேன். அந்த ஊர் சலானும் இதுல வருமா?"

கேரளா, கர்நாடகா இரண்டின் சலானும் இதில் வரும். மாநிலம் எது என்று தனியாகக் காட்டும், பணமும் இங்கிருந்தே கட்டலாம். பெங்களூரு போக்குவரத்துப் போலீஸுக்குத் தனியாகவும் தளம் இருக்கிறது, `btp.karnataka.gov.in`. அங்கே அடிக்கடி ஓட்டுபவர்கள் இரண்டையும் பார்ப்பது நல்லது.

மோசடிக்காரர்களுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் எளிதாகக் கிடைக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று மாநிலம் தொட்டு வருபவருக்கு எங்கே எந்தக் கேமரா பிடித்தது என்று நினைவிருக்காது. மாதம் ஒருமுறை, மெசேஜ் வந்தாலும் வராவிட்டாலும், நீங்களே தளத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் திடீரென வரும் மெசேஜ் உங்களைக் கலக்காது.

"வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். மெசேஜ் எனக்கு வருமா, பழைய ஓனருக்கு வருமா?"

ஆர்.சி. பதிவில் எந்த போன் எண் இருக்கிறதோ அதற்குத்தான் வரும். பெயர் மாற்றும்போது போன் எண்ணை மாற்றாமல் விட்டவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு நிஜச் சலான் மெசேஜ் வருவதே இல்லை, போலி மட்டும் வருகிறது. `vahan.parivahan.gov.in` தளத்திலோ, ஊட்டியில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

விற்றவர்களும் கவனிக்க வேண்டும். பெயர் மாறாத வரை அந்த வண்டி செய்யும் தப்பு உங்கள் பெயரில்தான் ஏறும்.

"சலான் நிஜமாவே இருக்கு. ஆனா அன்னைக்கு வண்டி வீட்டைவிட்டு நகரவே இல்லை. என்ன செய்யறது?"

சலானைத் திறந்து படத்தைப் பாருங்கள். நம்பர் பிளேட்டில் ஓர் எண்ணைக் கேமரா தவறாகப் படித்திருக்கலாம். 43 என்பதை 48 என்று எடுத்துக்கொள்ள ஓர் அழுக்குத் துளி போதும். வண்டியின் நிறம், மாடல் வேறாக இருந்தால் அதுவே உங்களுக்கு ஆதாரம். உங்கள் எண்ணையே யாராவது போலியாக மாட்டிக்கொண்டு ஓட்டினால் அது பெரிய விஷயம், உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தவறான சலானுக்குத் தளத்திலேயே புகார் கொடுக்கும் பகுதி இருக்கிறது. வண்டியின் படம், ஆர்.சி. நகல், அன்று வண்டி எங்கே இருந்தது என்பதற்கு ஏதாவது சான்று ஆகியவற்றை இணைக்கலாம். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், எனவே புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கட்டாதீர்கள்.

"கோர்ட்டுக்குப் போயிடுச்சு, வாரண்ட் வரும்னு மெசேஜ். இதுக்கும் அதே வழிதானா?"

அதே வழிதான். பல நாள் கட்டாத சலான் நீதிமன்றத்துக்குப் போவது உண்மை. போயிருந்தால் அதன் விவரம் தளத்திலேயே தெரியும். இணைய நீதிமன்றத்துக்குப் போன சலானை `vcourts.gov.in` தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். இதையும் கையால் டைப் செய்துதான் திறக்க வேண்டும்.

"தளத்துலதான் கட்டினேன். பணம் போயிடுச்சு, ஆனா இன்னும் Pending-னு காட்டுது."

மறுபடி கட்டாதீர்கள். மலையில் நெட் அறுந்து அறுந்து வருவதால் வங்கியிலிருந்து வரும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. தளத்தில் பணம் கட்டிய நிலையைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது, அங்கே சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சேரவில்லை என்றால் ஓரிரு நாள் பொறுங்கள். கட்டி முடிந்தால் `Disposed` என்று மாறும். ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் "பணம் திரும்ப வேண்டுமா" என்று யாராவது கூப்பிட்டால் பேசாதீர்கள். பணம் திரும்பப் பெற யு.பி.ஐ. பின் நம்பரைப் போட வேண்டிய அவசியம் எப்போதும் இல்லை.

"அந்த ஃபைலை ஏற்கெனவே இன்ஸ்டால் பண்ணிட்டேன். திறந்தா ஒண்ணுமே வரலை. பரவாயில்லையா?"

ஒன்றும் வராதது நல்ல அறிகுறி இல்லை. இந்த வகை ஃபைல்கள் இன்ஸ்டால் ஆனதும் ஐகானை மறைத்துக்கொண்டு, உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படித்து வெளியே அனுப்பும். வங்கி ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போவது இப்படித்தான். உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே தெரிந்தவர்களுக்கு அதே ஃபைல் போவதும் உண்டு. எஸ்டேட் குரூப்பில் நமக்குத் தெரிந்த ஆளே அனுப்பியதாக வருவதற்கு இதுதான் காரணம்.

உடனே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் உள்ள வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கையும் கார்டையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைப் பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ பாருங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து, ஐகான் இல்லாமல் இருக்கும் ஆப்பைத் தேடி நீக்குங்கள். நீக்க விடாவிட்டால், அதற்குக் கொடுத்திருக்கும் டிவைஸ் அட்மின் அனுமதியையும் ஆக்ஸசிபிலிட்டி அனுமதியையும் முதலில் எடுத்துவிட வேண்டும். போட்டோக்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு போனை முழுதாக ரீசெட் செய்வதுதான் எனக்குத் திருப்தியான வழி. கடைசியாக, அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால் அதை ரத்து செய்ய `##002#` டயல் செய்யுங்கள். வங்கிப் பாஸ்வேர்டும் யு.பி.ஐ. பின்னும் மாற்றுவதை ரீசெட் முடிந்த பிறகு செய்ய வேண்டும். முன்னாலேயே அதே போனில் மாற்றினால் புது பின்னும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.